இருபத்தேழாவது சம்பளம்: ரொறன்ரோத் தமிழ் முதலாளிமாருக்கும் கணக்காளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய முதலாளிமாருக்கும் கணக்காளர்களுக்கும்,

வணக்கம். ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் பிரம்ரனிலும் பலசரக்குக் கடை முதல் பொதிசெய்யும் தொழிற்சாலை வரை நடத்தி, நம்மவர் பலருக்கு வேலை கொடுத்துவரும் உங்களுக்கு, பல ஆண்டுகளாகச் சம்பளக் கணக்கு எழுதிவரும் ஒருவனாக இந்த மடலை எழுதுகிறேன். 2027 ஜனவரி 1 ஒரு வெள்ளிக்கிழமை. இரு வாரத்துக்கு ஒருமுறை வெள்ளிக்கிழமைகளில் சம்பளம் போடும் நிறுவனங்களில் ஏறத்தாழ அரைவாசிக்கு அந்த நாள் சம்பள நாளாக அமைகிறது. அதனால் அந்த நிறுவனங்களுக்கு ஓர் ஆண்டில் வழக்கமான இருபத்தாறு சம்பளங்களுக்குப் பதிலாக இருபத்தேழு சம்பளங்கள் வரப்போகின்றன. இதை இப்போதே தெரிந்துகொண்டு முடிவெடுத்தால் ஒருவருக்கும் நட்டமில்லை. டிசெம்பர் மாதக் கடைசியில் தெரிந்துகொண்டால் என்ன நடக்கும் என்பதை நான் ஒருமுறை கண்ணால் கண்டிருக்கிறேன்.

முதலில் ஒரு சொற்குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். ‘பைவீக்லி’ என்று நாம் சொல்வது பதினான்கு நாளுக்கு ஒருமுறை வரும் சம்பளம். ‘செமி மந்த்லி’ என்பது மாதத்தில் இரண்டு முறை, பெரும்பாலும் 15ஆம் திகதியும் மாதக் கடைசி நாளும் வரும் சம்பளம். பேச்சில் இரண்டையுமே ‘மாதம் ரெண்டு தரம்’ என்று சொல்லிவிடுகிறோம். வேலைக்கு ஆள் எடுக்கும்போதும் அப்படியே சொல்லிவிடுவதுதான் முதல் தவறு. பிடித்தங்களுக்கு முன் ஒவ்வொரு சம்பளமும் 3,000 டொலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் இருமுறை என்றால் ஆண்டுக்கு 24 சம்பளம், அதாவது 72,000 டொலர். இரு வாரத்துக்கு ஒருமுறை என்றால் 26 சம்பளம், 78,000 டொலர். ஒரே வாய்ப்பேச்சில் 6,000 டொலர் வித்தியாசம் ஒளிந்திருக்கிறது. வேலைக் கடிதத்தில் ஆண்டுத் தொகையையும், அது எத்தனை சம்பளமாகப் பிரிக்கப்படும் என்பதையும் சேர்த்து எழுதாமல் விட்ட இடங்களில் இந்த வித்தியாசமே பிணக்காக வளர்ந்ததைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டு முறைக்கும் அடிப்படை வேறுபாடு இதுதான்: மாதம் இருமுறைச் சம்பளம் மாதத்தைப் பின்பற்றுகிறது, இரு வாரச் சம்பளம் கிழமையைப் பின்பற்றுகிறது. மாதங்கள் ஆண்டுக்குள் மிச்சமில்லாமல் அடங்கிவிடும். லீப் ஆண்டானாலும் பன்னிரண்டு மாதமே என்பதால், மாதம் இருமுறைச் சம்பளத்தில் எந்த ஆண்டிலும் 24க்கு மேல் ஒன்று வராது. கிழமைகள் அப்படி அடங்குவதில்லை. இருபத்தாறு முறை பதினான்கு நாள் என்றால் 364 நாள். சாதாரண ஆண்டில் ஒரு நாளும், லீப் ஆண்டில் இரண்டு நாளும் எந்தச் சம்பளத்துக்குள்ளும் அடங்காமல் மிஞ்சுகின்றன. மிஞ்சும் அந்த நாட்கள் எங்கும் போய்விடுவதில்லை. அவை சேர்ந்து சேர்ந்து, சராசரியாகப் பதினொரு ஆண்டுக்குச் சற்று மேல் ஆகும்போது பதினான்கு நாளாகத் திரண்டு, முழுதாக ஒரு சம்பளமாக வந்து நிற்கின்றன. இருபத்தேழாவது சம்பளம் என்பது அதுவே.

நாட்காட்டியில் இதைக் கண்ணால் பார்க்கலாம். 2027 ஜனவரி 1இல் சம்பள நாள் விழும் அதே வெள்ளிக்கிழமை வரிசையைப் பின்னோக்கி எடுத்துப் பாருங்கள். 2017இல் ஆண்டின் முதற் சம்பளம் ஜனவரி 13, தைப்பொங்கலுக்கு முதல் நாள். அடுத்த ஆண்டு ஜனவரி 12, அதற்கடுத்த ஆண்டு 11, 2020இல் 10. 2020 லீப் ஆண்டு என்பதால் 2021இல் ஒரே தாவலில் 8ஆம் திகதிக்கு வந்துவிட்டது. பிறகு 7, 6, 5 என்று இறங்கி, 2024உம் லீப் ஆண்டானதால் 2025இல் 3ஆம் திகதி, 2026இல் 2ஆம் திகதி, 2027இல் 1ஆம் திகதி. இதற்குக் கீழே இறங்க இடமில்லை. ஜனவரி 1இல் தொடங்கும் வரிசை 364 நாள் கழித்து அதே ஆண்டின் டிசெம்பர் 31இல் மறுபடியும் ஒரு சம்பள நாளைக் கொண்டுவருகிறது. எண்ணிப் பார்த்தால் இருபத்தேழு.

உங்கள் வரிசைக்கு இது எப்போது வரும் என்று அறிய மென்பொருள் எதுவும் தேவையில்லை. ஆண்டின் முதற் சம்பள நாளோடு 364 நாளைக் கூட்டுங்கள். வரும் திகதி அதே ஆண்டுக்குள் இருந்தால் அந்த ஆண்டுக்கு இருபத்தேழு. சாதாரண ஆண்டில் முதற் சம்பளம் ஜனவரி 1ஆக இருந்தால் மட்டுமே அப்படி நேரும். லீப் ஆண்டில் ஜனவரி 1ஆகவோ 2ஆகவோ இருந்தால் நேரும். அதனால்தான் ஒரே தெருவில் இருக்கும் இரண்டு கடைகளுக்கு இது வெவ்வேறு ஆண்டுகளில் வருகிறது. மற்றைய வெள்ளிக்கிழமை வரிசையில், அதாவது 2027இல் முதற் சம்பளம் ஜனவரி 8ஆம் திகதி வரும் நிறுவனங்களுக்கு, இந்த நிலை 2032இல்தான் வரும்.

இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. பலர் வழுக்கி விழுவது இங்கேதான். ஜனவரி 1 ஒன்ராறியோவில் சட்டப்படியான விடுமுறை நாள், வங்கியும் இயங்காது. ஆகவே அந்த நாளுக்குரிய சம்பளத்தைப் பெரும்பாலான நிறுவனங்கள் முதல் நாளே, 2026 டிசெம்பர் 31 வியாழக்கிழமையே, ஊழியரின் வங்கிக் கணக்கில் போட்டுவிடும். சம்பளம் எந்த ஆண்டின் வருமானம் என்பதை வேலை செய்த நாள் தீர்மானிப்பதில்லை. பணம் கொடுக்கப்பட்ட நாளே தீர்மானிக்கிறது. டிசெம்பர் 31இல் கொடுத்தால் அது 2026ஆம் ஆண்டின் டி4 படிவத்தில் ஏறும். அப்போது இருபத்தேழு சம்பளம் வரும் ஆண்டு 2027 அல்ல, 2026. விடுமுறை கழித்து 4ஆம் திகதி திங்கட்கிழமை கொடுப்பவர்களுக்கோ அது 2027. நாட்காட்டி சொல்லும் ஆண்டை மட்டும் பார்த்து ‘எங்களுக்கு அடுத்த வருடம்தானே’ என்று இருந்துவிட்டால், டிசெம்பரின் கடைசி வாரத்தில் அது உங்கள் மேசையில் வந்து நிற்கும்.

நான் கண்டதாகச் சொன்னது இதையே. 2016 ஜனவரி 1உம் வெள்ளிக்கிழமை. அப்போது நான் ஓர் உணவுப் பொதி நிறுவனத்தில் சம்பளக் கணக்கில் இருந்தேன். வழக்கம்போல அந்தச் சம்பளத்தை 2015 டிசெம்பர் 31இல் போட ஆயத்தம் செய்தபோதுதான், அது அந்த ஆண்டின் இருபத்தேழாவது என்று தெரியவந்தது. முன்கூட்டியே எண்ணிப் பார்க்காதது என்னுடைய பிழையும்கூட. அதை இன்றும் மறக்கவில்லை. மணிக்கணக்கில் வேலை செய்பவர்களுக்குச் சிக்கல் வரவில்லை. ஆண்டுச் சம்பளத்தில் இருந்த மேற்பார்வையாளர்களைப் பற்றி நிர்வாகம் ஒரு முடிவு எடுத்தது: ‘78,000 என்று பேசினோம், 3,000 வீதம் இருபத்தாறு தரம் கொடுத்து முடித்துவிட்டோம், இனி ஜனவரி நடுப்பகுதியில்தான் அடுத்த சம்பளம்.’ பேச்சளவில் கணக்குச் சரிபோலத் தோன்றும். ஆனால் அந்தச் சம்பளம் டிசெம்பர் நடுப்பகுதியில் இரண்டு வாரம், நத்தார் அவசரத்தில் ஆட்கள் நின்று உழைத்த உழைப்புக்கு உரியது. அதை ஒரு நாட்காட்டிக் கோட்டைக் காட்டி நிறுத்திவைத்தார்கள்.

ஜனவரி முதல் வாரத்தில் ஒரு மேற்பார்வையாளர் என் மேசைக்கு வந்தார். முன்திகதியிட்டுக் கொடுத்திருந்த வீட்டு வாடகைக் காசோலை, கணக்கில் பணம் போதாமல் திரும்பிவிட்டது. வங்கி அறவிட்ட 45 டொலர் தண்டத்தை அச்சிட்டிருந்த தாளை என் முன்னால் வைத்துவிட்டு, ‘தம்பி, நான் ஒரு நாள்கூட லீவு எடுக்கேல்லையே’ என்று மட்டும் சொன்னார். அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இருக்கவில்லை. முறைப்பாடுகள் கூடியபின் அடுத்த வாரம் நிர்வாகம் பணத்தைக் கொடுத்தது. ஆனால் திரும்பிய காசோலைக்கும், வீட்டுக்காரர் முன்னால் அவர் பட்ட அவமானத்துக்கும் யாரும் பொறுப்பேற்கவில்லை.

ஒன்ராறியோவின் வேலை நியமச் சட்டம் இந்த இடத்தில் தெளிவாக இருக்கிறது. முதலாளி ஒழுங்காகத் திரும்பத் திரும்ப வரும் சம்பளக் காலத்தையும் சம்பள நாளையும் வகுத்துக்கொள்ள வேண்டும். ஒரு சம்பளக் காலத்தில் உழைத்த கூலி முழுவதையும் அதற்குரிய சம்பள நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும். ஆண்டுத் தொகை முடிந்துவிட்டது என்பதற்காக ஒரு சம்பள நாளைத் தாண்டிப்போக அந்த ஒழுங்கில் இடமில்லை.

அப்படியானால் 78,000 டொலர் ஆண்டுச் சம்பளக்காரருக்கு இருபத்தேழு வரும் ஆண்டில் என்ன செய்வது? நேர்மையான வழிகள் இரண்டு உண்டு. ஒன்று, ஒவ்வொரு சம்பளத்தையும் 3,000 ஆகவே வைத்து, அந்த ஆண்டில் 81,000 கொடுப்பது. மற்றது, ஆண்டு தொடங்கும் முன்பே எழுத்தில் அறிவித்து, ஊழியரின் இணக்கத்தோடு, 78,000ஐ இருபத்தேழாகப் பிரித்து 2,888.89 வீதம் கொடுப்பது. இரண்டாவதிலும் ஒரு நியாயம் இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. பத்து ஆண்டு 26 சம்பளமாகவும் ஓர் ஆண்டு 27 சம்பளமாகவும் பிரித்து எடுத்தால், பதினொரு ஆண்டும் ஆண்டுக்குச் சரியாக 78,000 கிடைத்திருக்கும். ஒப்பந்தம் ஆண்டுத் தொகைக்கு என்றால் அது மீறப்படவில்லை. ஆனாலும் நான் முதலாவது வழியையே பரிந்துரைக்கிறேன். ஒவ்வொரு சம்பளத்திலும் 111 டொலர் குறைவதை வீட்டுக் கடனும் கார்க் கடனும் தானாக இழுத்துக்கொள்ளும் ஒரு குடும்பம் ஆண்டு முழுவதும் உணரும். உங்களுக்கோ அந்த 3,000 பதினொரு ஆண்டுக்கு ஒருமுறை வரும் செலவு; ஆண்டுக்கு 270 டொலருக்கும் சற்று மேல் ஒதுக்கிவைத்தால் அது அடங்கிவிடும். எந்த வழியை எடுத்தாலும், அது ஆண்டின் முதற் சம்பளத்துக்கு முன்பே எடுத்த முடிவாக இருக்க வேண்டும். ஆண்டின் நடுவில் திடீரெனத் தொகையைக் குறைப்பது மூன்றாவது வழியாகாது. 2026 டிசெம்பர் 31இல் கொடுக்கப்போகிறவர்களுக்கு அந்த ஆண்டின் முதற் சம்பளம் ஜனவரி 2ஆம் திகதியே போய்விட்டது. ஆகவே அவர்களுக்கு முதலாவது வழியே மிஞ்சியிருக்கிறது.

மணிக்கணக்கில் உழைப்பவர்களின் கூலியைப் பிரித்துக் குறைப்பது என்ற பேச்சே எழக்கூடாது. இருபத்தேழாவது சம்பளத்தில் அவர்கள் பெறுவது அந்த இரண்டு வாரத்தில் நின்ற மணிகளுக்கான கூலியே. அதை ‘போனஸ்’ என்று சொல்லிக் கொடுப்பதும் தவறு.

கணக்காளர்களுக்குத் தனியாக ஒன்று. வரிப்பிடித்தம், ஒரு சம்பளத்தை ஆண்டின் சம்பள எண்ணிக்கையால் பெருக்கி ஆண்டு வருமானத்தை மதிப்பிட்டே கணிக்கப்படுகிறது. மென்பொருளில் அந்த எண்ணிக்கை 26 என்றே இருந்து, உண்மையில் 27 சம்பளம் போனால், 81,000 பெறுபவருக்கு 78,000க்குரிய வேகத்தில்தான் வரி பிடிக்கப்படும். அந்தக் குறை அடுத்த ஏப்ரலில் சில நூறு டொலராக அவர் தலையில் விழும். கனடா ஓய்வூதியத் திட்டத்திலும் இப்படித்தான். ஆண்டுக்கு 3,500 டொலர் அடிப்படை விலக்கு, சம்பளங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்படுகிறது: 26 என்றால் சம்பளத்துக்கு 134.61, 27 என்றால் 129.62. பழைய எண்ணையே இருபத்தேழு முறை பாவித்தால் விலக்கு 3,634.47 ஆகிவிடும். உச்ச வரம்பை எட்டாத ஊழியர் ஒருவருக்கு 5.95 வீதத்தில் இது எட்டு டொலர்தான். ஆனால் வருமான முகவரகம் டி4 படிவங்களை ஒத்துப்பார்க்கும்போது இந்தக் குறை அகப்படும். அப்போது ஊழியரின் பங்கு, முதலாளியின் பங்கு இரண்டையும் கேட்டு வரும் கடிதம் முதலாளியின் பெயருக்கே வரும். ஐம்பது ஊழியர் உள்ள இடத்தில் அது ஐம்பது பெயர்கள் கொண்ட கடிதம்.

காப்புறுதிப் பிடித்தங்களையும் பார்த்துக்கொள்ளுங்கள். மாதம் 120 டொலர் காப்புறுதிக் கட்டணத்தைச் சம்பளத்துக்கு 60 என்று பிடிப்பது மாதம் இருமுறைச் சம்பளத்துக்குச் சரி. இரு வாரச் சம்பளத்தில் அதையே பிடித்தால் ஆண்டுக்கு 1,440க்குப் பதிலாக 1,560 பிடிபடும். இருபத்தேழு வந்தால் 1,620. மூன்று சம்பளம் வரும் மாதங்களில் மூன்றாவதில் பிடிக்காமல் விடுவது எளிய வழி. மேலே சொன்ன வரிசையில் 2026இல் அந்த மாதங்கள் ஜனவரி, ஜூலை; 31ஆம் திகதி கொடுத்தால் டிசெம்பரும்.

இவ்வளவையும் கேட்டபின் சிலர், ‘இந்தத் தொல்லையே வேண்டாம், எல்லோரையும் மாதம் இருமுறைக்கு மாற்றிவிடுகிறோம்’ என்பார்கள். ஆண்டுச் சம்பளக்காரருக்கு அது பொருந்தும். மணிக்கணக்கு ஊழியருக்கு அது வேறொரு பள்ளத்தை வெட்டுகிறது, ஏனெனில் ஒன்ராறியோவில் மேலதிக நேரம் வாரத்தைக் கொண்டு கணிக்கப்படுகிறது. வாரத்தில் 44 மணிக்கு மேல் போனால் ஒன்றரை மடங்கு. மாதம் இருமுறைச் சம்பளமோ வாரத்தின் நடுவில் வெட்டிக்கொண்டு போகும். 2026 செப்ரெம்பர் 15 ஒரு செவ்வாய்க்கிழமை. மணிக்கு 20 டொலர் கூலி வாங்கும் ஒருவர் அந்த வாரத்தில் திங்கள் முதல் வெள்ளி வரை நாளுக்குப் பத்து மணி வேலை செய்தால் மொத்தம் 50 மணி. அதில் ஆறு மணி மேலதிக நேரம். ஆனால் திங்களும் செவ்வாயும் சேர்ந்த 20 மணி முதற் சம்பளத்திலும், மிச்சம் 30 மணி அடுத்த சம்பளத்திலும் போகின்றன. சம்பளக் காலத்துக்குள் விழுந்த நாட்களை மட்டும் பார்த்துக் கணக்குப் போடுபவருக்கு இரண்டிலும் 44ஐத் தாண்டிய வாரமே தெரியாது. ஆறு மணிக்குரிய மேலதிகப் பங்கான 60 டொலர் ஓசையில்லாமல் மறைந்துவிடும். இது நடக்கிறதா என்று அறிய, 15ஆம் திகதியும் மாதக் கடைசியும் விழுந்த வாரங்களின் நேர அட்டைகளை எடுத்து, சம்பளத் தாளைப் பாராமல், வாரத்துக்கு வாரம் கூட்டிப் பாருங்கள். இந்த வெட்டு இரு வாரச் சம்பளத்தில் வராது. இரண்டு முழு வாரம் எப்போதும் ஒரு சம்பளத்துக்குள் இருக்கும். மணிக்கூலி ஊழியருக்கு இரு வாரச் சம்பளமே ஏற்றது என்று நான் கருதுவது இதனால்தான். பதினொரு ஆண்டுக்கு ஒருமுறை வரும் இருபத்தேழாவது சம்பளம் அதற்குக் கொடுக்கும் சிறு விலை.

மாறத்தான் வேண்டும் என்று முடிவெடுப்பவர்கள், மாறும் அந்த ஒரு மாதத்தில் இரண்டு சம்பளங்களுக்கிடையே எத்தனை நாள் இடைவெளி விழுகிறது என்பதை முதலில் எண்ணிப் பார்த்து ஊழியர்களுக்கு அறிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். சம்பளம் 3,000இலிருந்து 3,250 ஆகக் கூடுவதைக் கண்டு மகிழ்பவர்களுக்கு, மூன்று சம்பளம் வரும் மாதம் இனி இல்லை என்பதையும் அதே அறிவித்தலில் சொல்லிவிடுங்கள். அந்த மூன்றாவது சம்பளத்தை நம்பி ஊருக்குப் பணம் அனுப்புபவர்கள் நம்மிடையே பலர் இருக்கிறார்கள்.

உங்களிடம் நான் வேண்டுவது மூன்று வேலைகள். அடுத்து வரும் ஆண்டுகளின் சம்பள நாட்களை ஒரே தாளில் எழுதி எண்ணிப் பாருங்கள். ஜனவரி 1இல் விழும் சம்பளத்தை டிசெம்பர் 31இல் கொடுப்பீர்களா, விடுமுறைக்குப் பின் கொடுப்பீர்களா என்பதைக் கணக்காளரோடு பேசித் தீர்மானித்து, மென்பொருளில் சம்பள எண்ணிக்கையை எந்த ஆண்டுக்கு 27 ஆக்குவது என்பதைச் சரிசெய்யுங்கள். அந்தத் தாளின் ஒரு பிரதியை ஊழியர்கள் நேர அட்டை அடிக்கும் இடத்தில் ஒட்டிவிடுங்கள். வாடகைக் காசோலைக்குத் திகதி போடும்போது அவர்கள் அதைப் பார்த்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
ஸ்காபரோவிலிருந்து ஒரு சம்பளக் கணக்குப் பணியாளர்